ஐந்து பேர் என்று யார் சொன்னது?

“ஐயா, நான் நகரியில் வசிக்கும் தமிழன். 1993 மழைக்காலத்தில், பள்ளிப்பட்டுப் பக்கத்து இளம் நிருபர் ஒருவன் தன் முதல் அவசரச் செய்தியை எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொல்வதாக ஒரு சிறுகதை எழுதி அனுப்பியிருக்கிறேன். தரைப்பாலத்தில் டிராக்டர் அடித்துப் போகிறது. பையன் ஓடிப்போய் ‘பிரேக்கிங் நியூஸ் சார், ஐந்து பேர் பலி’ என்கிறான். ஆசிரியர் அச்சை நிறுத்தச் சொல்கிறார். காலையில் முதல் பக்கத்தில் அவன் பெயரோடு செய்தி. படித்த நண்பர், போன் காட்சி மட்டும் நம்பும்படி இல்லை என்கிறார். அந்த இரவு உண்மையில் எப்படி நடந்திருக்கும்?”

தம்பிக்கு,

மாவட்டச் செய்திகளை வாங்கும் டெஸ்க்கில் இருபது வருடத்துக்குமேல் இரவுப் பணி பார்த்தவன் நான். திருத்தணி, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு நிருபர்கள் சொல்லச் சொல்லக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு எழுதியவன். உங்கள் கதையில் மழையும் ஆறும் நன்றாக வந்திருக்கின்றன. பையன் எண்களைச் சுழற்றி முடித்த பிறகுதான் கதை நழுவுகிறது. அந்தக் காட்சியில் அவன் ஒருவன்தான் பேசுகிறான். எதிர்முனையில் இருப்பவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்படி ஒரு டெஸ்க் ஆளை நான் பார்த்ததே இல்லை.

முதலில் மணியை முடிவு செய்யுங்கள். ‘டெட்லைன்’ என்று ஒரே நேரத்தை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். ஓர் இரவில் எங்களுக்குக் கெடு பல. வெளியூருக்குப் போகும் பதிப்பின் பக்கங்கள் முதலில் மூடும். நான் இருந்த இடத்தில் பத்து மணிக்குள் அதை முடித்தாக வேண்டும். அப்போதுதான் கட்டுகள் வேனேறி, திருத்தணியில் பஸ் மாறி, விடிவதற்குள் பள்ளிப்பட்டுக் கடைத்தெருவில் இறங்கும். நகரப் பதிப்போ நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். இதனால் ஒரு கொடுமை நடக்கும். எல்லைக் கிராமத்தில் இரவு பத்தரைக்கு நடந்த ஒரு விஷயத்தை மறுநாள் காலை மயிலாப்பூரில் இருப்பவர் காபியோடு படித்துவிடுவார். அதே கிராமத்து டீக்கடைக்கு வந்த பத்திரிகையில் அது இருக்காது. உங்கள் பையனுக்கு இது தெரியும். அந்த ஊர்க் கட்டைப் பிரித்துப் போடுகிறவனே அவனாகத்தான் இருப்பான். அந்தக் காலத்துக் கிராமத்து நிருபர் பெரும்பாலும் பேப்பர் ஏஜென்ட்டும்கூட. அவன் பத்து மணிக்குள் சொல்லத் துடிப்பது தன் ஊர்க்காரர்கள் முகத்தை நினைத்துத்தான். உங்கள் கதைக்கு வேண்டிய பதற்றம் இதிலேயே இருக்கிறது. யாரும் அச்சை நிறுத்தவே வேண்டாம்.

அடுத்து பூத். மழை என்றால் அந்தப் பக்கம் கரண்ட் போய்விடும். கரண்ட் போனாலும் போன் பேசும். அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே வருகிறது. பேசாதது மீட்டர்தான். சிவப்பு எண்கள் ஓடாவிட்டால் பூத்காரர் எதை வைத்துக் காசு வாங்குவார்? சிலர் கதவைச் சாத்திவிடுவார்கள். தெரிந்த பையன் என்றால் கைக்கடிகாரத்தை மேஜைமேல் கழற்றி வைத்து, நிமிடக் கணக்குப் பார்ப்பார்கள். இன்னொன்று, இரவு ஏற ஏற எஸ்.டி.டி. கட்டணம் படிப்படியாகக் குறையும். கட்டணம் கால் பங்காகும் நேரத்துக்காகப் பம்பாயிலும் சூரத்திலும் தறிக்குப் போன பிள்ளைகளோடு பேச ஊரே பூத் வாசலில் உட்கார்ந்திருக்கும். ஒன்பது மணிக்குக் காலியாக இருக்கும் பூத் பதினொரு மணிக்கு நிரம்பி வழியும். நீங்கள் இதைத் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள்.

‘பிரேக்கிங் நியூஸ்’ என்று 1993இல் எந்தப் பள்ளிப்பட்டுப் பையனும் சொல்லியிருக்க மாட்டான். டி.வி. கற்றுக்கொடுத்த வார்த்தை அது. “அவசர நியூஸ் சார்” என்பான், அவ்வளவுதான். திருவள்ளூர் மாவட்டம் என்று எழுதியிருப்பதையும் மாற்றுங்கள். அது 1997இல்தான் பிறந்தது. அன்றைக்குப் பள்ளிப்பட்டு இருந்தது செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தில்.

இனி போனில் என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். எனக்கே வந்த ஓர் அழைப்பைச் சொல்கிறேன். அதே கொசஸ்தலை ஆறு, அதே மாதிரி ஒரு தரைப்பாலம். பையனுக்கு இருபத்தொரு வயது. அதுவரை கோயில் கும்பாபிஷேகமும் ஊராட்சி சாலை மறியலும் தபாலில் எழுதி அனுப்பியவன். இரவு ஒன்பது இருபதுக்குப் பேசினான்.

“சார், பள்ளிப்பட்டுலேர்ந்து பேசறேன். தரைப்பாலத்துல டிராக்டர் அடிச்சிட்டுப் போயிடுச்சு. அஞ்சு பேர் செத்துட்டாங்க சார்.”

“அஞ்சு பேர்னு யார் சொன்னது?”

“எல்லாரும் சொல்றாங்க சார்.”

“நீ எத்தனை பேரைப் பார்த்தே?”

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “ரெண்டு.”

“மத்த மூணு?”

“ஆந்திரா ஆஸ்பத்திரில ரெண்டு பேர் செத்துட்டாங்களாம். ஒருத்தர் தண்ணியோட போயிட்டாராம்.”

இந்த ‘ஆம்’ என்ற ஒலிதான் டெஸ்க்கில் இருப்பவனின் காதை நிமிர்த்தும். “செத்துட்டாங்களாம், போயிட்டாராம்” என்று ஒருவன் சொன்னால் அவன் பார்க்கவில்லை என்று பொருள். அவனைக் கோபிக்கக் கூடாது. அவன் பொய் சொல்லவில்லை, தமிழே அவனை உண்மை சொல்ல வைத்துவிடுகிறது. நான் கேட்டேன்:

“நீ பார்த்த ரெண்டு பேர் யாரு?”

“வயசான ஒருத்தர், ஒரு பொம்பளை. முப்பது வயசு இருக்கும்.”

“ஆஸ்பத்திரில இருக்கறது?”

“அதுவும் ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளைன்னாங்க.”

“நீ பார்த்த உடம்பு இப்ப எங்க இருக்கு?”

“ஜீப்ல ஏத்திட்டாங்க சார்.”

“ஜீப் எங்க போச்சு?”

பதில் இல்லை. அந்த மௌனத்தை நீங்கள் எழுதிவிட்டால் கதை நிமிர்ந்து நின்றுவிடும். அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. எல்லையில் இது அடிக்கடி நடக்கும். ஆற்றின் ஒரு பக்கத்துப் பஸ் நிறுத்தம் தமிழ்நாட்டில் இருக்கும், பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஆந்திராவில் இருக்கும். ஒரே உடலை இங்கே எடுத்தவர்கள் ஒரு தடவை எண்ணுவார்கள், அங்கே இறக்கியவர்கள் இன்னொரு தடவை எண்ணுவார்கள். இரண்டு எண்ணிக்கையும் டீக்கடையில் வந்து சேரும்போது கூட்டல் ஆகிவிடும். இரு மாநிலப் போலீஸும் தத்தம் ஸ்டேஷனில் எழுதினால் பத்திரிகையிலும் அது நாலாக நிற்கும். வெள்ளமும் விபத்தும் எல்லையோரம் நடந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இறந்தவர் எண்ணிக்கையைத்தான்.

“வை போனை. ஜீப்காரனைக் கண்டுபிடி. ஒன்பதே முக்கால் வரைக்கும் இடம் வச்சிருக்கேன்” என்றேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே பத்து வரிக்கு இடத்தை வெள்ளையாக விட்டுவைக்கச் சொல்லி, பேஜ் ஒட்டுகிறவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பத்து வரியும் வராவிட்டால் அதற்குப் பதில் போட ஒரு மாங்காய் விலைச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டார்.

பிற்பாடு அவன் அலுவலகத்துக்கு வந்தபோது அந்த இருபது நிமிடத்தைச் சொன்னான். ஜீப் திரும்பி வந்து சாவடி ஓரம் நின்றிருக்கிறது. டிரைவர் பின்பக்கத்துப் பலகையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாராம். தமிழில் கேட்டால் முறைத்திருப்பார். இவன் “அண்ணா, வாள்ளனி எக்கடிகி தீசுகெள்ளாரு?” என்று தெலுங்கில் கேட்டிருக்கிறான். அவர்களை எங்கே கொண்டுபோனீர்கள் என்று. இந்தப் பக்கம் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதால் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்தேன் என்று அவர் சொன்னார். ஒரு கிழவனையும் ஒரு பெண்ணையும்தான் ஏற்றினேன், வேறு யாரையும் ஏற்றவில்லை என்றும் சொன்னார். திருத்தணி தாலுகா 1960 ஏப்ரலில்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று வளர்ந்த பிள்ளைகள் அங்கே நிறைய. உங்கள் கதையில் பையன் தமிழிலேயே பேசிக்கொண்டிருக்கிறான். அவன் கையில் இருக்கும் பெரிய கருவியே இரண்டாவது மொழிதான் என்பது என் எண்ணம். கதையின் திருப்பத்தை அந்த ஒரு தெலுங்குக் கேள்வியில் வையுங்கள்.

அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போய் ரைட்டரிடம் கேட்டிருக்கிறான். டிராக்டரில் ஏழு பேர், நாலு பேர் நீந்திக் கரையேறிவிட்டார்கள், ஒருவரைக் காணோம் என்று அவர் சொன்னார். ஏழில் நாலு போனால் மூன்று. இரண்டு உடல், ஒருவர் காணோம். கணக்கு நேரானது. இந்தக் கூட்டல் கழித்தலை அவன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, மழையில் அழியாமல் சட்டைக்குள் கையை வைத்தபடி ஓடி வந்தானாம். எனக்கு இன்றும் அந்தக் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

ஒன்பது முப்பத்தெட்டுக்கு மறுபடி பேசினான். இனி சொல்லும் முறையைக் கவனியுங்கள். நான் கையால் நியூஸ்பிரின்ட் துண்டில் எழுதுகிறேன். என் கை ஓடும் வேகத்துக்குத்தான் அவன் பேச முடியும். லைன் எந்த நொடியும் அறுந்துவிடும் என்பதால் முதல் வரி தனியாக நின்றாலே செய்தியாக வேண்டும். அதனால் மழை பெய்தது, ஆறு பெருகியது என்று தொடங்கினால் நடுவில் நிறுத்துவேன். அவன் சொன்னது இப்படி இருந்தது:

“பள்ளிப்பட்டு அருகே தரைப்பாலத்தைக் கடந்த டிராக்டர் கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. புள்ளி. இருவர் இறந்தனர். ரெண்டு சார், ஒண்ணு, ரெண்டு. புள்ளி. ஒருவரைத் தேடி வருகின்றனர். புள்ளி.”

‘ஒண்ணு, ரெண்டு’ என்று அவன் எண்ணிக் காட்டியதை விட்டுவிடாதீர்கள். ‘இருவர்’ என்பதும் ‘அறுவர்’ என்பதும் மழை இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். எழுபதும் எண்பதும் அப்படித்தான். அந்தக் காலத்துத் தொலைபேசிக் கம்பி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும், குரலின் கூர்மையெல்லாம் அதற்குமேல் நின்றுவிடும். ஆகவே எண்ணை ஒருமுறை எழுத்து வழக்கிலும் ஒருமுறை பேச்சு வழக்கிலும் சொல்வார்கள், நான் திருப்பிச் சொல்லுவேன், அவன் “ஆமா” என்ற பிறகே எழுதுவேன். ஊர்ப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். யாராவது சித்தூர் என்றால் ஆந்திரச் சித்தூரா, பாலக்காட்டுச் சித்தூரா என்று கேட்டே தீர வேண்டும். இரண்டும் எல்லை ஊர், இரண்டு பக்கத்திலும் எங்களுக்கு நிருபர் உண்டு.

“இன்னைக்கு சாயங்காலம் ஆறரைக்கு” என்று அவன் சொன்னதை நான் ‘நேற்று மாலை 6.30 மணிக்கு’ என்று எழுதினேன். படிக்கிறவருக்கு அது நாளைக் காலை. முதல் தடவை பேசுகிறவன் இதில் கட்டாயம் தடுமாறுவான்.

அடுத்து அவன், “ஆந்திராக்காரங்க அணையைத் திறந்துவிட்டதால” என்று தொடங்கினான். அங்கே நிறுத்தினேன். ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை இருப்பதும், அதைத் திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்குவதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத் திறந்தார்களா, எத்தனை மணிக்குத் திறந்தார்கள், முன்கூட்டித் தகவல் வந்ததா என்பது வேறு விஷயம். தானாக மலையில் பெய்த மழையே அந்த வெள்ளத்துக்குப் போதும். “யார் சொன்னது?” என்று கேட்டேன். “கரையில நின்னவங்க” என்றான். இரண்டு மாநிலத்துக்கு நடுவில் தண்ணீர் விஷயத்தில் ஒரு வரி தப்பாகப் போனால், மறுநாள் அந்தப் பாலத்தில் யார் யார் கல்லோடு நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. ‘ஆற்றில் திடீரென வெள்ளம் அதிகரித்ததால்’ என்று எழுதிக்கொண்டு, பொதுப்பணித் துறையில் காலையில் விசாரிக்கச் சொன்னேன். அவனுக்கு இது பிடிக்கவில்லை. “கண்ணு முன்னாடி தண்ணி ஏறிச்சு சார்” என்றான். ஏறியதைப் பார்த்தாய், திறந்ததைப் பார்த்தாயா என்றேன். உங்கள் கதையில் இந்தச் சின்ன மோதல் இருக்கட்டும். அவன் ஊர்க்காரன், அவன் கோபம் நியாயமானது. நான் ஊர்க்காரன் இல்லை, என் தயக்கமும் நியாயமானதுதான்.

ஒன்பது நாற்பத்தாறுக்கு ஒன்பது வரி பேஜில் ஏறியது. ஐந்தாம் பக்கம், ஒரு பத்தித் தலைப்பு. ‘நமது நிருபர்’ என்றுகூட இல்லை. கிராமத்துப் பகுதிநேர நிருபரின் பெயர் செய்தியில் வரும் வழக்கமே அப்போது இல்லை. மாத முடிவில் வந்த செய்திகளைக் கத்தரித்து வெள்ளைத் தாளில் ஒட்டி அனுப்புவான், டெஸ்க்கில் வரியை எண்ணி லைனேஜ் என்ற வரிக்கூலி போடுவோம். அந்த ஒன்பது வரிக்குக் கிடைத்ததைவிட அவன் பூத்துக்குக் கொடுத்தது அதிகமாக இருந்திருக்கும். முதல் பக்கத்துப் பெயரை எடுத்துவிட்டு இந்த ஒட்டுத்தாளை உங்கள் கதையின் கடைசியில் வைத்துப் பாருங்கள்.

காணாமல் போனவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு நடந்து வந்தார். வெள்ளம் அவரைக் கீழே ஒரு வளைவில் தள்ளியிருக்கிறது. கருவேல முள்ளைப் பிடித்துக் கரையேறி, கை கால் கிழிந்து, யார் வீட்டுத் திண்ணையிலோ இரவு முழுக்கக் கிடந்திருக்கிறார். அவர் வீட்டில் விடியும்வரை ஒப்பாரி. வாசலில் பத்திரிகையை வாசித்துக் காட்டியவர், “தேடறாங்கன்னுதான் போட்டிருக்கு, செத்துட்டார்னு போடலை” என்று அந்த அம்மாவிடம் சொன்னாராம். இதைப் பையன்தான் சொன்னான். ஐந்து என்றே நான் எழுதியிருந்தால் அந்த வாசலில் என்ன வாசித்திருப்பார்கள் என்று நினைத்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன், அது அந்த இரவின் மூன்றாவது அழைப்பு. உங்கள் கதையில் அது இல்லவே இல்லை. வெளியூர்ப் பதிப்பு போன பிறகும் நகரப் பதிப்பு பாக்கி இருந்தது. அந்த ஆற்றுத் தண்ணீர் பூண்டிக்குப் போய்ச் சென்னைக்குக் குடிநீராகிறது என்பதால் அங்கே செய்தியைக் கொஞ்சம் பெரிதாகப் போட ஆசிரியர் ஒப்புக்கொண்டார். இறந்தவர்கள் பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதினொரு மணிக்குமேல் பேசினான். பூத்தில் பம்பாய்க்கு அழைக்க வந்த கூட்டம். விஷயத்தைச் சொன்னதும் வரிசையே ஒதுங்கி அவனை உள்ளே விட்டதாம். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.

பெரியவர் பெயரை எழுதிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னான். நான் ‘முனியம்மா’ என்று எழுதித் திருப்பிச் சொன்னேன்.

“முனியம்மா இல்ல சார். முனெம்மா.”

“ரெண்டும் ஒண்ணுதானப்பா. தமிழ்ல முனியம்மாதான்.”

“இல்ல சார். அவங்க வீட்டுல முனெம்மான்னுதான் கூப்பிடுவாங்க. மு, னெ, ம், மா.”

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். கரண்ட் திரும்பிவிட்டது போலிருக்கிறது, பின்னால் மீட்டர் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுதியதை அடித்துவிட்டு, அவன் சொன்னபடியே எழுதினேன். நகரப் பதிப்பில் முனெம்மா என்றுதான் வந்தது. அந்தப் பதிப்பு பள்ளிப்பட்டுக்குப் போகாது என்பதால் ஒரு பிரதியை எடுத்து மடித்து, அவன் பெயர் எழுதி மறுநாள் கட்டோடு வைத்து அனுப்பினேன்.